நாயனம் வந்தா காது கிழியுது, பேச்சு கேக்கவே இல்ல

"பெரியவர் பேசுறது ஒண்ணும் காதுல விழல. சரின்னு வால்யூமைக் கூட்டி வெச்சா, நாயனம் வந்து காதைக் கிழிக்குது. அடுத்த எபிசோடு போட்டா வீடே அதிருது. என்னய்யா பண்றீங்க?"

இந்தக் கமென்ட்டைப் பாத்ததும் சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா அந்த நிகழ்ச்சிக்கு சவுண்ட் பாக்குறது நான்தான்.

நண்பன் ஒருத்தன் டெல்டா பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போய், வயசான நாயனக்காரங்க, தவில்காரங்களைத் தேடிப் பிடிச்சு பேச வெச்சு யூடியூப்ல போடுறான். ஒரு எபிசோடு சுமார் 25 நிமிஷம். பெரியவர் தன் கதையைச் சொல்லுவார், நடுவுல நாலஞ்சு இடத்துல வாசிப்பார், பக்கத்துல தவில் இருக்கும். (திறந்த வெளியில ஊர்வலத்துல முழங்குற வாத்தியங்க ரெண்டையும், ஒரு ஓட்டு வீட்டுத் திண்ணையில உக்காந்து மெதுவா பேசுற எழுபது வயசுக்காரர் குரலையும் ஒரே மைக்ல பிடிக்கணும். வேலை எப்படின்னு புரிஞ்சிருக்கும்.)

கமென்ட்டை நண்பனுக்கு அனுப்புனேன். அவன் கேட்டது ஒரே கேள்வி: "சரிடா, சவுண்ட் ஏறி இறங்குறதால ஆளுங்க போறாங்களா, இல்ல திட்டிட்டே பாக்குறாங்களா?"

நல்ல கேள்வி. பதில் தெரியணும்னா முதல்ல அளக்கணும். "எனக்குச் சத்தமா கேக்குது"ங்கறது அளவு இல்ல.

அளக்குறதுக்குக் காசு குடுத்து எதுவும் வாங்க வேணாம். எஃப்எஃப்எம்பெக்னு ஒரு இலவச நிரல் இருக்கு, கறுப்புத் திரையில ஒரு வரி அடிச்சா போதும்:

```
ffmpeg -hide_banner -nostats -i ep04.mp4 -af ebur128=peak=true -f null -
```

கடைசியில ஒரு சுருக்கம் வரும். அதுல `I` னு இருக்கறதுதான் மொத்த எபிசோடுக்குமான சத்த அளவு. அலகு பேரு லஃப்ஸ். பூஜ்யம் ஏறக்குறைய உச்சி, அதுலேர்ந்து கீழ போகப் போக மைனஸ். மைனஸ் 14 சத்தம், மைனஸ் 24 அமைதி. ரெண்டுக்கும் நடுவுல 10 டெசிபெல். காதுக்கு அது ஏறக்குறைய பாதிச் சத்தமா தெரியும்.

இந்த அளவு எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஒரு வார்த்தை. டிவியில விளம்பரம் வந்தா மட்டும் அலறுமே, அந்தத் தொல்லை உலகம் பூரா இருந்துச்சு. 2006-ல சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் பி.எஸ். 1770னு ஒரு அளவுமுறை கொண்டு வந்துச்சு. மின்சார அளவைப் பாக்காம, காதுக்கு எது சத்தமா தெரியுதோ அதுக்குப் பக்கத்துல வர்ற மாதிரி எடை போட்டு அளக்குற முறை. ஆழமான உறுமலுக்குக் கம்மி எடை, கீச்சுக் குரலுக்குக் கூடுதல். 2010-ல ஐரோப்பிய ஒலிபரப்புக்காரங்க இதை வெச்சு மைனஸ் 23-ஐ இலக்கா எடுத்துக்கிட்டாங்க. அமெரிக்காவுல விளம்பரச் சத்தத்துக்குன்னே சட்டம் போட்டு 2012 டிசம்பர்லேர்ந்து நடைமுறைக்கு வந்துச்சு. நாம போராடுறதுக்கு முன்னாடியே யாரோ போராடியிருக்காங்க, சந்தோஷம்.

நம்ம கதைக்கு வருவோம். எல்லா எபிசோடையும் வரிசையா ஓட விட்டு `I` எண்ணை ஒரு விரிதாள்ல எழுதுனேன். ரொம்ப அமைதியானது மைனஸ் 24.6. ரொம்ப சத்தமானது மைனஸ் 11 பக்கம்.

இங்க யூடியூப் ஒரு வேலை பண்ணுது, அதைத் தெரிஞ்சுக்கணும். மைனஸ் 14-ஐத் தாண்டிச் சத்தமா இருக்கற வீடியோவை அது தானா இறக்கிடும். ஆனா அதுக்குக் கீழ அமைதியா இருக்கறதை ஏத்தி விடாது. (கணினியில வீடியோ மேல வலது கிளிக் பண்ணி `Stats for nerds` போட்டா `content loudness`னு ஒரு எண் தெரியும். மைனஸ்ல இருந்தா உங்க வீடியோ அமைதி, யூடியூப் கைய வெக்கல. ப்ளஸ்ல இருந்தா அவ்வளவு இறக்கியிருக்கு.) ஆக நம்ம சத்தமான எபிசோடு மைனஸ் 14-க்கு இறங்கும், அமைதியானது மைனஸ் 24.6-லயே நிக்கும். பாக்குறவருக்குப் பத்து டெசிபெலுக்கு மேல வித்தியாசம். "அடுத்த எபிசோடு போட்டா வீடே அதிருது"ங்கற புகார் உண்மைன்னு ஊர்ஜிதம் ஆயிடுச்சு.

எல்லாத்தையும் மைனஸ் 14-க்கு இழுத்துட்டா முடிஞ்சது வேலைன்னுதான் யாருக்கும் தோணும்.

ஆனா அந்தக் கமென்ட் வந்தது நாலாவது எபிசோடுக்கு. அதோட அளவு என்ன தெரியுமா? மைனஸ் 14.

கச்சிதமா மைனஸ் 14! யூடியூப் ஏத்தவும் வேணாம், இறக்கவும் வேணாம். மீட்டரைப் பாத்தா முதல் மார்க். கேட்டுப் பாத்தா பெரியவர் கிணத்துக்குள்ளேர்ந்து பேசுறார்.

அப்போதான் எபிசோடைத் துண்டு துண்டா அளக்க ஆரம்பிச்சேன். பேச்சு மட்டும் இருக்கற ஒரு நிமிஷம்:

```
ffmpeg -hide_banner -nostats -ss 00:14:30 -t 60 -i ep04.mp4 -af ebur128 -f null -
```

மைனஸ் 26 வந்துச்சு. நாயனமும் தவிலும் சேந்து முழங்குற ஒரு நிமிஷம்: மைனஸ் 10. வித்தியாசம் 16.

அதெப்படி மைனஸ் 26-ல 19 நிமிஷப் பேச்சும், மைனஸ் 10-ல 6 நிமிஷ வாசிப்பும் சேந்து மைனஸ் 14 ஆகுது? சும்மா சராசரி போட்டா மைனஸ் 22 வரணுமே?

மீட்டர் சராசரி போடுறது டெசிபெலை இல்ல, ஆற்றலை. 16 டெசிபெல் வித்தியாசம்னா ஆற்றல்ல 40 மடங்கு. அதாவது ஒரு நிமிஷ வாசிப்புல இருக்கற ஆற்றல் நாப்பது நிமிஷப் பேச்சுக்குச் சமம். யானையையும் ஆட்டு மந்தையையும் ஒண்ணா எடை போட்ட கதைதான், தராசுல யானைதான் தெரியும்.

அதோட முடியல. இந்த அளவுமுறையில ஒரு வாசல் இருக்கு. முதல்ல ஒரு சராசரி எடுக்கும். அந்தச் சராசரியை விடப் பத்துக்கு மேல கீழ இருக்கற துண்டையெல்லாம் "இது இடைவெளி, அமைதி, கணக்குல வராது"ன்னு தூக்கிப் போட்டுட்டு மறுபடி சராசரி போடும். எதுக்கு இப்படின்னா, நாடகத்துல நீளமா மௌனம் இருந்தா அளவு கெட்டுடக் கூடாதுல்ல, அதுக்கு. நல்ல ஏற்பாடுதான். ஆனா நம்ம நாலாவது எபிசோடுல முதல் சராசரி சுமார் மைனஸ் 16, வாசல் மைனஸ் 26-ல. பெரியவரோட பேச்சு சரியா அந்த வாசப்படியில நிக்குது! அவர் பேசுனதுல பாதியை மீட்டர் மௌனம்னு நெனச்சு வெளிய தள்ளிடுச்சு. மிச்சம் இருக்கறதை வெச்சுக் கணக்குப் போட்டா மைனஸ் 14.

சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. ஒரு மனுஷன் தன் குருகுல வாசத்தைப் பத்திப் பேசிட்டிருக்கார், கருவி அதை நிசப்தம்னு எழுதிக்குது.

ஆக மொத்த அளவு நம்ம மாதிரி நிகழ்ச்சிக்கு உதவாது. ரெண்டு பேர் உக்காந்து பேசுற பாட்காஸ்ட்டுக்கு அது போதும். பேச்சும் பேரிசையும் மாறி மாறி வந்தா போதாது. நெட்ஃபிளிக்ஸ் தனக்கு வர்ற படங்களுக்கு மைனஸ் 27னு கேக்குது, அதை வசனம் இருக்கற இடத்துல மட்டும் அளக்கணும்னு சொல்லுது. காரணம் இதுதான்: வீட்ல இருக்கறவர் ரிமோட்டை வெச்சு சரி பண்றது மனுஷக் குரலை. குரல் ஒரு இடத்துல நின்னா, மத்ததெல்லாம் அதுக்கு மேல எவ்வளவு, கீழ எவ்வளவுன்னு பாத்தா போதும்.

அதனால நானும் பேச்சை நங்கூரமா வெச்சு இலக்கு எழுதுனேன். பேச்சு மைனஸ் 18, ஒண்ணு கூட ஒண்ணு குறைய இருக்கலாம். வாசிப்பு அதை விட 5 கூட, அதாவது மைனஸ் 13. உச்சி மைனஸ் 1-ஐத் தாண்டக் கூடாது. இப்படி வெச்சா அதே 19 நிமிஷம், 6 நிமிஷக் கணக்குல மொத்தம் சுமார் மைனஸ் 16 வரும். வாசல் மைனஸ் 26-ல இருக்கும், பேச்சு அதுக்கு எட்டு டெசிபெல் மேல பத்திரமா நிக்கும்.

"யூடியூப் 14 குடுக்குது, நீ ஏன் 16-ல நிறுத்துற?"னு நண்பன் கேட்டான். தவிலாலதான். வலந்தலையில கூடு போட்ட விரல் விழுறப்போ ஒரு நொடியில துணுக்கு நேரம் உச்சி எகிறும். சராசரி மைனஸ் 13, கூரை மைனஸ் 1னா நடுவுல 12 டெசிபெல்தான் இடம். தவிலுக்கு அதுவே பத்தாது, லிமிட்டர் வெச்சு கொஞ்சம் சீவணும். இன்னும் ரெண்டு ஏத்துனா நிறைய சீவணும், அப்போ அடி விழுற அந்த "ணங்" போய் அட்டைப் பெட்டியைத் தட்டுற சத்தம் வரும். கேட்டுப் பாத்தேன், சகிக்கல. மத்த சேனலை விட ரெண்டு டெசிபெல் அமைதியா இருக்கறது பரவாயில்ல.

இதுக்கு இன்னொரு வழியும் இருக்கு: கம்ப்ரஸரை அழுத்தி எல்லாத்தையும் ஒரே மட்டமா தேய்க்கிறது. சுலபம். ஆனா நாயனம்னாலே ஏத்த இறக்கம்தான். ஆலாபனை மெதுவா ஆரம்பிச்சு மேல போறதுக்குள்ள கருவி குறுக்க வந்து எல்லாத்தையும் சமன் பண்ணிட்டா அப்புறம் என்ன இருக்கு? அதனால வாசிப்பைத் தனியா, பேச்சைத் தனியா எடுத்து லெவல் மட்டும் கையால மாத்துறேன். பேச்சு முடிஞ்சு வாசிப்பு தொடங்குற இடத்துல மூணு நாலு செகண்ட் கீழேர்ந்து மெல்ல ஏத்தறேன். எடிட்டுக்கு அரை மணி கூடுது, போகட்டும்.

(ஒரு சின்ன எச்சரிக்கை. காலர் மைக் பதிவு ஒத்தைத் தடம்னா, அதைத் தனியா அளக்குறப்போ வர்ற எண், ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஓட விட்டு அளக்குறதை விட 3 குறைவா காட்டும். எடிட் முடிஞ்சு வெளிய வந்த கோப்பைத்தான் அளக்கணும். இல்லன்னா அந்த 3 எங்க போச்சுன்னு தேடி ராத்திரி போயிடும்.)

சரி, நண்பனோட கேள்வி. ஆளுங்க போறாங்களா?

மொதல்ல மேலோட்டமா பாத்தேன். எபிசோடோட மொத்த சத்த அளவு ஒரு பக்கம், சராசரியா எவ்வளவு தூரம் பாத்தாங்கங்கறது இன்னொரு பக்கம். புள்ளி வெச்சா கோலம் வரும்னு பாத்தா, மணல் தெளிச்ச மாதிரி இருந்துச்சு. சம்பந்தமே இல்ல. பாக்கப் போனா, இருக்கறதுலயே மோசமா பதிவான எபிசோடுதான் அதிகம் பாத்தது. காரணம் சவுண்ட் இல்ல, ஆள். ஊருக்கே தெரிஞ்ச வித்வான், எப்படிப் பதிவானாலும் கேப்பாங்க. எபிசோடை எபிசோடோட ஒப்பிட்டா யார் பேசுறாங்க, முகப்புப் படம் என்ன, யார் ஷேர் பண்ணாங்கங்கறது எல்லாம் சேந்து வந்து சவுண்டை மூழ்கடிச்சுடுது.

அதனால எபிசோடுக்குள்ளயே பாக்கணும். ஒரே ஆள், ஒரே முகப்பு, ஒரே நாள். மாறுறது அந்த இடத்துல என்ன நடக்குதுங்கறது மட்டும்தான்.

யூடியூப் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு வளைகோடு குடுக்கும். எந்த இடத்துல எத்தனை சதவீதம் பேர் பாத்துட்டிருந்தாங்கன்னு. அதை எண்ணா எடுத்தா நூறு புள்ளி கிடைக்கும், வீடியோ எவ்வளவு நீளமா இருந்தாலும் நூறுதான். 25 நிமிஷத்துக்கு நூறு புள்ளின்னா ஒரு புள்ளிக்கு 15 செகண்ட். அதை விட நுணுக்கமா எதுவும் சொல்ல முடியாது. "14 நிமிஷம் 3 செகண்டுல போனாங்க"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

சத்தத்தையும் அதே மாதிரி ஓட்டமா எடுக்கணும். இது மூணு செகண்ட் ஜன்னல் வெச்சு, செகண்டுக்குப் பத்து எண் எழுதிக் குடுக்கும்:

```
ffmpeg -i ep04.mp4 -af ebur128=metadata=1,ametadata=mode=print:key=lavfi.r128.S:file=ep04.txt -f null -
```

இதை 15 செகண்டுக்குச் சராசரி போட்டா சத்தம் ஏறி இறங்குற படி தேஞ்சு போயிடும். அதனால மாத்தம் நடக்குற இடத்தைக் கண்டுபிடிச்சு, அதுக்கு முன்னாடி பத்து செகண்ட் எவ்வளவு, பின்னாடி பத்து செகண்ட் எவ்வளவுன்னு எடுத்து, வித்தியாசத்தை மட்டும் எழுதிக்கிட்டேன்.

போனவங்க கணக்குக்கு ஒரு விஷயம். 40 சதவீதம் 36 ஆச்சுன்னா "4 போச்சு"ன்னு எழுதக் கூடாது. அப்போ பாத்துட்டிருந்த நாப்பது பேர்ல நாலு பேர், அதாவது நூத்துக்குப் பத்து. ஆரம்பத்துல 90 பேர் இருக்கறப்போ 4 போறதும், கடைசியில 40 பேர் இருக்கறப்போ 4 போறதும் ஒண்ணில்ல. அப்புறம், எந்த வீடியோவா இருந்தாலும் ஆளுங்க சொட்டுச் சொட்டா போயிட்டேதான் இருப்பாங்க. நம்ம எபிசோடுகள்ல நடுப்பகுதியில அரை நிமிஷத்துக்கு நூத்துக்கு ஒருத்தர்ங்கறது வழக்கம். அதுக்கு மேல போனாத்தான் பேச்சு. முதல் நிமிஷத்தைத் தொடவே இல்ல. அங்க எல்லா வீடியோவுலயும் கூட்டமா போவாங்க, சவுண்டாலன்னு பிரிக்க முடியாது.

நாலாவது எபிசோடு, பதினாலாவது நிமிஷம். வாசிப்பு முடியுது, பேச்சு தொடங்குது. மைனஸ் 10-லேர்ந்து மைனஸ் 26-க்கு விழுது. வளைகோடு 40-லேர்ந்து 36-க்கு விழுது, அரை நிமிஷத்துல.

ஆஹா, மாட்டிக்கிச்சுன்னு துள்ளுனேன்.

கவனிச்சீங்களா, விழுந்தது சத்தம் ஏறுற இடத்துல இல்ல, இறங்குற இடத்துல. பேச்சுலேர்ந்து வாசிப்புக்கு எகிறுற இடத்துல, "காதைக் கிழிக்குது"ன்னு அவர் சொன்ன இடத்துல, வளைகோடு கீழ போகவே இல்ல. மேல ஏறுச்சு! ஏன்னா ஆளுங்க தாவித் தாவி வாசிப்புக்கு வந்து சேர்றாங்க, திரும்பத் திரும்பக் கேக்குறாங்க. அந்தக் கூட்டத்துல காதைப் பொத்திக்கிட்டு ஒருத்தர் வெளிய போனாலும் தெரியாது. ரிமோட்டைத் தேடி எடுத்துக் குறைக்கிறவங்களும் தெரியாது. வால்யூமைக் கூட்டறதும் குறைக்கிறதும் நமக்கு வர்ற கணக்குல கிடையாது. ஆக அந்தப் புகாரோட ரெண்டாவது பாதியை இந்த முறையில சோதிக்கவே முடியாது.

இறங்குற இடத்துக்கு வருவோம். உடனே ஒரு சந்தேகம். வாசிப்பு கேக்க வந்தவன் வாசிப்பு முடிஞ்சா போகத்தான் செய்வான். அதுல சவுண்டை ஏன் குத்தம் சொல்லணும்?

இதைப் பிரிக்கணும்னா, வாசிப்பு முடிஞ்சு பேச்சு நல்லா கேக்குற இடமும் வேணும். அதிர்ஷ்டவசமா இருந்துச்சு. சில எபிசோடுல காலர் மைக், சிலதுல கேமரா மைக். காலர் மைக் இருந்த இடத்துல படி 6-க்குள்ள, கேமரா மைக் இடத்துல 10-க்கு மேல. எல்லா எபிசோடுலேர்ந்தும் "வாசிப்பு முடிஞ்சு பேச்சு"ங்கற இடங்களை எடுத்து ரெண்டு குவியலா போட்டேன். கூடவே மூணாவது குவியல்: பேச்சுக்கு நடுவுல, எந்த மாத்தமும் இல்லாத இடங்களைக் கண்ணை மூடிட்டுத் தொட்டு எடுத்தது. ஒரு எபிசோடை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. 200 பேர் பாத்த வீடியோவுல பதினாலாவது நிமிஷத்துல 80 பேர்தான் இருப்பாங்க, நூத்துக்கு அஞ்சுன்னா நாலு பேர். நாலு பேர் வீட்ல காலிங் பெல் அடிச்சிருக்கலாம்.

குவியல் குவியலா பாத்தா இப்படி: மாத்தமே இல்லாத இடத்துல அரை நிமிஷத்துக்கு நூத்துக்கு ஒருத்தர். சின்னப் படியில நாலு பேர் பக்கம். பெரிய படியில எட்டு பேர் பக்கம்.

நாலு பேர் எப்படியும் போறவங்க, அவங்களுக்குப் பேச்சு வேணாம். மீதி நாலு பேருக்குக் காரணம் சவுண்டா இருக்கலாம். "இருக்கலாம்"னு சொல்றேன், ஏன்னா கேமரா மைக்ல பேச்சு மெதுவா மட்டும் இல்ல, எதிரொலியோடயும் இருக்கு. ஆளைத் துரத்துனது சத்தக் குறைவா, எதிரொலியா? ஒரே ஒரு எபிசோடுல காலர் மைக் பதிவு சுத்தமா இருந்தும் எடிட்ல லெவல் தாழ்வா வெச்சு வெளிய போயிருந்துச்சு. அதுலயும் பெரிய படி மாதிரியேதான் விழுந்துச்சு. சத்தம்தான் காரணம்னு சாயத் தோணுது. ஆனா ஒத்தை எபிசோடு சாட்சி, அவ்வளவுதான் அதோட எடை. இன்னொண்ணு, யூடியூப்ல 2023-லேர்ந்து `Stable volume`னு ஒரு வசதி இருக்கு. அது போட்டிருக்கறவங்களுக்கு ஏத்த இறக்கமே கம்மியா கேக்கும். அவங்களும் இந்தக் கணக்குல கலந்துதான் இருக்காங்க. அப்போ நிஜப் பாதிப்பு நமக்குத் தெரியறதை விடக் கூடவே இருக்கும்.

இதை எழுதி நண்பனுக்கு அனுப்பிட்டு நிம்மதியா படுத்திருக்கலாம். ஆனா நாலாவது எபிசோடு வளைகோட்டை இன்னும் கொஞ்ச தூரம் வலது பக்கம் பாத்தேன்.

36-க்கு விழுந்தது அப்புறம் மெல்ல இறங்கி 18 நிமிஷத்துல 33. 18 நிமிஷம் 30 செகண்டுல அடுத்த வாசிப்பு. அங்க மறுபடி 36.

ஏறுச்சு!

போனவங்க எப்படித் திரும்பி வருவாங்க? கணக்குப் போட்டேன். பதினாலாவது நிமிஷத்துல 40 பேர். எந்தப் பள்ளமும் இல்லாம வழக்கமான வேகத்துல அரை நிமிஷத்துக்கு நூத்துக்கு ஒருத்தர் போயிருந்தா, பதினெட்டரையில சுமார் 36 பேர் இருக்கணும். இருக்கறது 36.

அதாவது வழக்கத்தை மீறி யாரும் வெளிய போன மாதிரி தெரியல. தாவியிருக்காங்க. பேச்சு காதுல விழல, விரலால இழுத்து அடுத்த வாசிப்புக்குப் போயிட்டாங்க. வளைகோடு அந்த இடத்துல யார் பாக்குறாங்கன்னு மட்டும்தான் சொல்லும். வெளிய போனாங்களா, தாண்டிப் போனாங்களான்னு பிரிச்சுச் சொல்லாது. அதைத் தெரிஞ்சுக்கணும்னா பள்ளத்தை மட்டும் பாத்தா பத்தாது, பள்ளம் முடியுற இடத்துல கோடு எங்க வந்து நிக்குதுன்னு பாக்கணும். மத்த பெரிய படி இடங்களையும் இப்படிப் பாத்தேன். அடுத்து வாசிப்பு இருந்த இடத்துல பெரும்பாலும் கோடு திரும்பி ஏறுச்சு. கடைசி வாசிப்புக்கு அப்புறம் வர்ற பேச்சுல மட்டும் விழுந்தது விழுந்ததுதான், தாவிப் போக அடுத்து ஒண்ணும் இல்லியே.

நண்பன்கிட்ட சொன்னேன். "அப்போ பிரச்சனை இல்லல்ல? ஆளு போகல"ன்னு சந்தோஷமா சொல்லுவான்னு நெனச்சேன்.

"டேய், வாசிப்பு ஆயிரம் எடத்துல கிடைக்கும். நான் அலையுறதே அந்தப் பேச்சுக்குத்தான். அதைத்தான் தாண்டிப் போறாங்கன்னு சொல்ற"ன்னான்.

அவன் சொன்னது சரி. அவனுக்கு நஷ்டம் ஆளு இல்ல, அந்த நாலரை நிமிஷம்.

பழைய எபிசோடுகளை ஒண்ணும் பண்ண முடியாது. யூடியூப்ல ஏத்துன வீடியோவோட சத்த அளவை மாத்த வழி கிடையாது. வெட்டலாம், மறைக்கலாம், லெவலைத் தொட முடியாது. புதுசா ஏத்துனா பழைய கமென்ட்டும் பார்வையும் போயிடும். நாலாவது எபிசோடை மட்டும் பேச்சு மைனஸ் 18 வெச்சு மறுபடி கலந்து, "திருத்திய ஒலி"ன்னு தனியா ஏத்தலாம்னு யோசிக்கிறோம். கமென்ட் போட்டவருக்கு லிங்க் அனுப்பணும்.

புது எபிசோடுகள்ல வாசிப்பு முடியற இடம் இப்போ சின்னப் படிக் குவியல் மாதிரியே நடந்துக்குது. அந்த நாலு பேர் இன்னும் தாவத்தான் செய்யறாங்க, அவங்களை நான் விட்டுட்டேன்.

பதிவு பண்றப்போ இருக்கற தலைவலி தனி. லெவல் வைக்க "ஐயா, ஒரு தடவை சத்தமா வாசிச்சுக் காட்டுங்க"ன்னு கேட்டா பாதிப் பேருக்குப் பிடிக்காது. அதனால சீவாளி சரி பாக்குற நேரத்தைப் பிடிச்சுக்கிறேன். வாயில வெச்சு ரெண்டு மூணு சுரம் ஊதிப் பாப்பாங்கல்ல, அப்போவே திருகைத் திருப்பி வெச்சுடுவேன். தவில்காரரும் நாலு தட்டுத் தட்டிப் பாப்பார். ஆனா அது சும்மா தட்டு. நிகழ்ச்சி சூடு பிடிச்சதும் அதுக்கு மேல எவ்வளவு போவார்ங்கறது அவருக்கே தெரியாது. ரெக்கார்டர்ல அதே மைக்கை 12 டெசிபெல் தாழ்த்தி இன்னொரு தடத்துலயும் எழுதற வசதி இருக்கு. மேல் தடம் கிழிஞ்சா கீழ் தடத்துலேர்ந்து எடுத்துக்கலாம். போன வாரம் போன எடத்துல கீழ் தடமும் சிவப்பு காட்டுச்சு.

தவில்காரருக்கு வயசு எழுபத்தி ரெண்டு.